ஐந்தில் ஒன்று, வட்டியின்றி: ஊர் வரலாறு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

திருவனந்தபுரத்திலும், அதற்குத் தெற்கே விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களிலும் ஊர் வரலாறும் கோயில் வரலாறும் எழுதிவரும் தமிழ் அன்பர்களுக்கு:

குடமுழுக்கு மலர்களிலும் பள்ளி நூற்றாண்டு மலர்களிலும் நூலக வெளியீடுகளிலும் தங்கள் ஊரைப் பற்றி எழுதுவோர், எவ்விதக் கைம்மாறும் கருதாமல் பெரும் உழைப்பைச் செலுத்துகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த உழைப்பின் பயனாக அச்சில் வருவது பல நேரங்களில் "இவ்வூர் மிகப் பழமை வாய்ந்தது", "இக்கோயில் வரலாற்றுச் சிறப்புமிக்கது", "இப்பகுதியை ஆண்ட மன்னர்கள் குடிகளிடம் அன்பு பாராட்டினர்", "இதனை அறிஞர் பலரும் ஏற்றுள்ளனர்" என்பன போன்ற வாக்கியங்களாகவே முடிந்துவிடுகிறது. இவ்வாக்கியங்கள் பொய்யானவை என்பது இங்குக் குறையன்று. ஊரின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் இவை எந்த ஊருக்கும் பொருந்திவிடும் என்பதும், படிப்பவர் இவற்றை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ கைப்பிடி எதுவும் இவற்றில் இல்லை என்பதுமே குறை. பொதுக்கூற்று என்று இம்மடலில் சொல்லப்படுவது இத்தகைய வாக்கியத்தையே. அதற்கு மாறாக, இடம், காலம், அளவு, பெயர், நிபந்தனை ஆகியவற்றுள் ஒன்றையேனும் தாங்கி நின்று, தவறென்றால் தவறு என்று பிறர் காட்டக்கூடிய நிலையில் தன்னை வைத்துக்கொள்ளும் கூற்று குறிப்பான கூற்று எனப்படும்.

இந்த வேறுபாட்டை விளக்குவதற்கு வெளியூர்ச் சான்றுகளைத் தேட வேண்டியதில்லை. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1890-களில் செய்த வேலையே இதற்குப் போதுமானது. 1855 இல் ஆலப்புழையில் பிறந்து, 1897 இல் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்த அவர், 1891 இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தால் இன்று அறியப்படுகிறார். அந்நூலின் தமிழ்த்தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டரசு 1970 இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. ஆனால் அவருடைய வரலாற்று ஆய்வுகள் ஆங்கிலத்தில் இருப்பதால், அவரைப் போற்றும் மேடைகளில்கூட அவை "அரிய ஆய்வுகள்" என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிப்போகின்றன. அவர் என்ன செய்தார் என்பதைச் சற்று விரிவாகச் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதையாகும்.

அவர் காலத்தில் திருவிதாங்கூரின் வரலாறாகப் படிக்கப்பட்டது, 1878 இல் ப. சங்குண்ணி மேனன் வெளியிட்ட பெருநூல். அதன் முற்பகுதி, மரபுக் கதைகளையும் அரண்மனை வழக்குகளையும் பின்பற்றி, மிகத் தொன்மையான காலம் தொட்டு அறாமல் வந்த ஓர் அரச மரபைக் காட்டியது. சுந்தரம் பிள்ளை அக்கதைகளோடு வாதம் புரிவதில் காலம் செலவிடாமல், தென் திருவிதாங்கூரின் கோயில்களுக்கும் ஊர்களுக்கும் சென்று கல்வெட்டுகளைத் தேடிப் படியெடுத்தார். அங்கு அக்காலத்திய கல்வெட்டுகளுள் பல வட்டெழுத்தில், அதாவது இன்றைய தமிழ் எழுத்துக்கு முன் தெற்கில் பரவலாக வழங்கிய வளைவான எழுத்தில், பொறிக்கப்பட்டிருந்தமையால், அவற்றைப் படிப்பது தனிப் பயிற்சியைக் கோரியது. அவ்வாறு படித்தவற்றுள் ஆண்டும் அரசர் பெயரும் தெளிவாக இருந்தவற்றை மட்டும் வரிசைப்படுத்தி, கொல்லம் 301 ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டுக் காலத்தில் வேணாட்டை ஆண்ட ஒன்பது மன்னர்களை அவர் நிறுவினார். வேணாடு என்பது பிற்காலத் திருவிதாங்கூருக்கு முன்னோடியான நாடு. தொல்பழங்காலம் தொட்டு வந்த நீண்ட பட்டியலுக்கு முன் ஒன்பது பெயர் என்பது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஒன்பது பேரும் எந்தக் கல்லில், எந்த ஊரில், எந்த ஆண்டில் நிற்கிறார்கள் என்று காட்ட முடிந்ததால், அதற்குப் பின் வந்த வரலாற்றாசிரியர் அனைவரும் அங்கிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று.

அவர் படித்த கல்வெட்டுகளுள் ஒன்று, கல்குளம் வட்டத்தைச் சேர்ந்த மணலிக்கரையில் உள்ளது. அப்பகுதி அன்று திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. வீர இரவி கேரளவர்மன் என்ற வேணாட்டு மன்னன் காலத்தில், கொல்லம் 410 இல், அதாவது பொது ஆண்டு 1235 வாக்கில் பொறிக்கப்பட்ட இக்கல்வெட்டு, மன்னனும் அவனுடைய அதிகாரிகளும் ஒருபுறமும், கோதைநல்லூர்ச் சபையாரும் ஊராரும் மறுபுறமும், அரசுக்குரிய வரியைத் திரட்டும் உரிமை பெற்றிருந்தவரும் உடனிருக்க, கூடிப் பேசி முடிவு செய்த ஓர் ஏற்பாட்டைக் கூறுகிறது. சபை என்பது ஊரின் நிலவுடைமையாளர் கூடி முடிவெடுத்த மன்றம். ஊரார் என்போர் சபையில் இடம்பெறாத ஏனைய குடிகள் என்று கொள்ளலாம்.

இந்தக் கல்வெட்டைப் பற்றி மலர் ஒன்றில் எழுதப் புகும் ஒருவர், "வேணாட்டு மன்னர்கள் பஞ்ச காலத்தில் வரியைக் குறைத்துக் குடிகளைக் காத்தனர்" என்று எழுதினால், அது முற்றும் ஆதாரமற்றதன்று. ஆயினும் அதனைப் படிப்பவர் மனத்தில் எதுவும் நிற்காது. ஏனெனில் மன்னர்களைப் பற்றிய புகழுரைகள் அனைத்தும் இவ்வாறே பேசுகின்றன. கல்வெட்டு கூறுவதோ வேறு வகையானது. மழை பொய்த்து விளைச்சல் கெட்டால், சபையாரும் ஊராரும் சேர்ந்து வயல்களைப் பார்வையிட்டு, எவை விளைந்தன, எவை விளையவில்லை என்று பிரித்தறிய வேண்டும். விளையாத நிலத்துக்கு வழக்கமான வரியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் பெறப்படும். வரி செலுத்தும் நிலம் முழுவதும் ஒரே வகையாகக் கெட்டுப்போனால், சபையாரும் ஊராரும் அதனைப் பொறுப்பு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அவர் ஊருக்கு வந்து நேரில் பார்த்து உண்மையென்று கண்ட பின், ஊரின் மொத்த வரியிலும் ஐந்தில் ஒரு பங்கே பெறப்படும். அந்த ஒரு பங்கையும் அப்பொழுது செலுத்த இயலாது என்று பெரும்பாலோர் கருதி, தவணை வேண்டிப் பொதுவாக விண்ணப்பித்தால், அது வரி செலுத்தும் நிலங்கள் அனைத்தின் மீதும் பகிர்ந்து ஏற்றப்பட்டு, அடுத்த விளைச்சலில் வட்டியின்றி வாங்கப்படும்.

இவ்வாறு சொன்னவுடன், "குடிகளைக் காத்தனர்" என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே அதற்கு மேலான செய்தி படிப்பவருக்குக் கிடைத்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் வயலைப் பார்ப்பவர் அரசு அலுவலர் அல்லர், ஊராரே என்பதனால், விளைச்சல் கெட்டதா இல்லையா என்ற கேள்விக்கு விடை சொல்லும் உரிமை முதற்கண் எவர் கையில் இருந்தது என்பது தெரிகிறது. ஊர் முழுவதும் கெட்டதாகச் சொல்லப்படும்போது மட்டும் அதிகாரி நேரில் வர வேண்டும் என்பதனால், பெருந்தொகை கைவிட்டுப் போகும் இடத்தில் அரசு எச்சரிக்கையோடு இருந்தது என்பதும் தெரிகிறது. வட்டியின்றி என்ற ஒரு நிபந்தனை, நிலுவைக்கு வட்டி வாங்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதை உணர்த்துகிறது. இல்லாத வழக்கத்தை விலக்கிக் கல்லில் வெட்ட வேண்டிய தேவையில்லை. இரக்கம், கணக்கு, ஐயம், பேரம் ஆகிய நான்கும் கலந்த ஓர் உண்மையான அரசு இங்குக் காணப்படுகிறது. புகழுரையில் அது காணப்படுவதில்லை.

சுந்தரம் பிள்ளை இக்கல்வெட்டைத் திருவிதாங்கூரின் பெரும் உரிமைச் சாசனங்களுள் ஒன்றாக மதித்தார். அந்த மதிப்பீடு உணர்ச்சி மிகுந்ததே. ஆயினும் அவர் முதலில் கல்வெட்டின் வாசகத்தையும் மொழிபெயர்ப்பையும் முழுமையாகப் படிப்பவர் முன் வைத்து, அதன் பின்னரே மதிப்பிட்டார் என்பதனால், ஏற்க விரும்பாதவர் எந்த வரியில் தாம் வேறுபடுகிறார் என்று சுட்டிக்காட்ட முடிந்தது. பின்வந்தோர் சிலர் வாசகத்தை விட்டுவிட்டு மதிப்பீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, "திருவிதாங்கூரின் மாக்னா கார்ட்டா" என்ற ஒப்புமையோடு நிறுத்திவிடுகின்றனர். 1215 இல் இங்கிலாந்து மன்னர் ஜான் தம் பிரபுக்களுக்கு அளித்த அந்தச் சாசனம் மணலிக்கரைக் கல்லுக்கு இருபது ஆண்டே முந்தியது என்பது சுவையான செய்திதான். ஆனால் அது படை திரட்டிய பிரபுக்கள் மன்னரை நெருக்கிப் பெற்றது, இது ஓர் ஊரின் வரி பற்றிய உடன்பாடு. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ஒப்புமையை மட்டும் சொல்வது, பெரிய பெயர் ஒன்றைத் துணைக்கு அழைத்துக்கொண்ட பொதுக்கூற்றாகவே நிற்கும்.

எந்த விவரத்தைச் சேர்ப்பது, எதனை விடுவது என்ற கேள்வி இங்கு எழுகிறது. கல்வெட்டில் உள்ள அனைத்தையும் அள்ளிக் கொட்டுவது விளக்கம் ஆகாது. ஒரு விவரத்தை மனத்தளவில் மாற்றிப் பார்ப்பது இதற்கு ஏற்ற சோதனை: அதனை மாற்றினால் முடிவு மாறுமானால் அது வேண்டிய விவரம், மாறாவிட்டால் அதனை அடிக்குறிப்புக்கு அனுப்பலாம். ஐந்தில் ஒன்று என்பதனை ஐந்தில் நான்கு என்று மாற்றினால், அரசின் சலுகை பெயரளவினதாகிவிடும். வட்டியின்றி என்பதனை நீக்கினால், தவணை என்பது குடியைக் கடனில் ஆழ்த்தும் வழியாகக்கூட மாறக்கூடும். ஊரார் பார்வையிடுவர் என்பதனை அலுவலர் பார்வையிடுவர் என்று மாற்றினால், உரிமைச் சாசனம் என்ற மதிப்பீடே நிலைக்காது. ஆனால் கல்லின் உயரத்தையோ வரிகளின் எண்ணிக்கையையோ மாற்றினால் வரி பற்றிய முடிவு எவ்விதத்திலும் மாறாது. அவை கல்வெட்டைத் தேடிச் செல்பவருக்கும் படியெடுப்பவருக்கும் பயன்படும் விவரங்கள், எனவே அவற்றுக்குரிய இடத்தில் இருக்க வேண்டும்.

இதே கல்வெட்டு சொல்லாதவற்றையும் சொல்லியாக வேண்டும். ஏற்பாடு செய்யப்பட்டது என்பதற்குக் கல் சான்று. அடுத்த வறட்சியில் அது பின்பற்றப்பட்டது என்பதற்கு அதே கல் சான்று ஆகாது. கோதைநல்லூருக்குச் செய்த ஏற்பாடு வேணாடு முழுவதற்கும் பொருந்தியது என்பதற்கும் அது சான்று ஆகாது. "வேணாட்டு மன்னர்கள்" என்று பன்மையில் எழுதியவுடன், ஒரு மன்னன், ஓர் ஊர், ஓர் ஆண்டு என்பது ஓசையின்றி ஒரு மரபு முழுவதற்கும் விரிந்துவிடுகிறது. ஊர் வரலாறுகளில் நேரும் பிழைகளுள் மிகப் பரவலானது இதுவே. நல்ல சான்று ஒன்றைக் கையில் வைத்திருப்பவரும், அந்தச் சான்று தாங்கக்கூடியதை விடப் பெரிய வாக்கியத்தை அதன்மேல் ஏற்றிவிடுகின்றனர். எல்லையைச் சொல்லும் ஆசிரியரிடம்தான் படிப்பவருக்கு நம்பிக்கை பிறக்கிறது. சான்று இல்லாத இடத்தில் நிற்கத் தெரிந்தவர் சான்று உள்ள இடத்தில் சொல்வதனை ஏற்கலாம் என்று படிப்பவர் எண்ணுகிறார்.

காலத்தைக் குறிப்பிடும்போது மற்றொரு கவனம் தேவைப்படுகிறது. கொல்லம் ஆண்டு பொது ஆண்டு 825 இல் தொடங்கியது. தென் பகுதியில் அது சிங்கம் எனப்படும் ஆவணியில் பிறக்கிறது. ஆதலால் கொல்லம் ஆண்டின் முற்பகுதிக்கு 824-உம், பொது ஆண்டு மாறிய பின் வரும் பிற்பகுதிக்கு 825-உம் கூட்ட வேண்டும். கொல்லம் 410 என்பது 1234 இன் நடுவில் தொடங்கி 1235 இல் முடிகிறது. மாதம் தெரியாமல் எப்போதும் 825 கூட்டி எழுதுவோர் பல நேரங்களில் ஓராண்டு தவறுகின்றனர். இப்பகுதிக் கல்வெட்டுகள் பலவற்றில் வியாழன் எந்த இராசியில் நின்றது என்பதும் குறிக்கப்படுகிறது. வியாழன் பன்னிரு இராசிகளையும் சுற்றிவர ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டு ஆவதால், எழுதப்பட்ட ஆண்டையும் வியாழன் நிலையையும் ஒத்திட்டுப் பார்த்து, எண் சரியாகப் படிக்கப்பட்டதா என்று சோதிக்கலாம். ஆனால் ஆண்டு சிதைந்து வியாழன் நிலை மட்டும் எஞ்சியிருக்கும் கல்லைக் கொண்டு ஓர் ஆண்டை அறுதியிட்டு எழுதுவது துல்லியம் போலத் தோன்றும் பிழையாகும். அந்த நிலை ஒவ்வொரு பன்னிரண்டு ஆண்டுக்கும் ஒருமுறை திரும்பி வருகிறது.

துல்லியமான எண்ணும் பெயரும் இருந்துவிட்டால் மட்டும் ஒரு கூற்று நம்பத்தக்கதாகிவிடாது என்பதனைச் சுந்தரம் பிள்ளையின் மற்றோர் ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. அது திருஞானசம்பந்தரின் காலம் பற்றியது. சம்பந்தர் பாண்டியன் ஒருவனைச் சைவத்துக்குத் திருப்பினார் என்றும், அவன் கூன் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறன் ஆனான் என்றும் மரபு கூறுகிறது. அவனுக்குச் சுந்தர பாண்டியன் என்ற பெயரும் மரபில் வழங்குகிறது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ குறிப்பிடும் "செந்தர் பந்தி" என்ற மன்னனே இவன் என்று கருதி, சம்பந்தரையும் அந்நூற்றாண்டில் வைத்தார். அவருடைய கூற்று சிறிதும் பொதுக்கூற்று அன்று. அதில் பயணி ஒருவரின் பெயர் இருந்தது, மன்னன் பெயர் இருந்தது, ஏறத்தாழ ஓர் ஆண்டும் இருந்தது. ஆனால் இவ்விவரங்களைப் பிணைத்த கண்ணி, பெயர் ஒற்றுமை ஒன்றே. சுந்தர பாண்டியன் என்ற பெயரைத் தாங்கியவர் பலர் இருந்தமையால், அந்தக் கண்ணி எதையும் தாங்கும் வலிமை உடையதாக இல்லை.

சுந்தரம் பிள்ளை இக்கருத்தை மறுத்து, சம்பந்தரை ஏழாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்துக்குக் கொண்டுசென்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டு என்பது எவ்வாறு நிற்க முடியாது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளே போதும். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன், அக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, அதாவது தேவாரப் பாடல்களை இறைவன் திருமுன் பாட, நாற்பத்தெட்டுப் பிடாரர்களையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் வகுத்தான். பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்ற கணக்கில், ஐம்பது பேருக்கும் நாள்தோறும் பன்னிரண்டரைக் கலம் நெல் அளக்கப்பட்டிருக்க வேண்டும். இறந்தவருக்கும் வேற்றூர் சென்றவருக்கும் பதிலாக அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. அதே கோயிலில் சம்பந்தரின் படிமம் வழங்கப்பட்டதும் கல்வெட்டில் பதிவாகியுள்ளது. படிமமாகி வழிபாடு பெற்றுவிட்ட ஒருவர், அதற்குப் பின் இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்துப் பிறந்திருக்க இயலாது. "இராசராசன் தேவாரத்தைப் பேணினான்" என்று மட்டும் எழுதுவோருக்கு இந்த மறுப்பு கிட்டாது. படிமமும் ஐம்பது பேரும் மூன்று குறுணியும் இருப்பதனால்தான் அந்த வாக்கியம் கால ஆராய்ச்சிக்கும் உதவுகிறது.

மேல் எல்லை இவ்வாறு கிடைத்தாலும், சம்பந்தர் எந்த நூற்றாண்டினர் என்பதற்கு நேரான விடை வேறொரு சிறு விவரத்திலிருந்து வந்தது. கல்வெட்டறிஞர் வெங்கையா அதனைச் சுட்டினார். திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் சம்பந்தர் சிறுத்தொண்டரைப் பெயர் சொல்லிப் பாடுகிறார். சிறுத்தொண்டர் துறவு நெறிக்கு முன் தம் மன்னனுக்காகப் படை நடத்தி வாதாபியை அழித்தவர் என்று பெரியபுராணம் கூறுகிறது. வாதாபி என்பது சாளுக்கியரின் தலைநகர், இன்றைய கருநாடகத்தின் பாதாமி. அதனைப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியிடமிருந்து கைப்பற்றியதைக் கூரம் செப்பேடு போன்ற பல்லவர் ஆவணங்கள் கூறுகின்றன. பாதாமிப் பாறையிலேயே நரசிம்மவர்மனின் கல்வெட்டும் இருக்கிறது. புலிகேசி வலிமையோடு ஆண்டுகொண்டிருந்ததை 634-35 ஆம் ஆண்டு ஐகொளெக் கல்வெட்டு காட்டுகிறது. அவன் மகன் விக்கிரமாதித்தன் 655 வாக்கில் சாளுக்கிய அரசை மீட்டெழுப்பிவிட்டான். ஆகவே வாதாபியின் வீழ்ச்சி இவ்விரண்டுக்கும் இடையே, பொதுவாக ஏற்கப்படும் கணக்கின்படி 642 ஐ ஒட்டி, நிகழ்ந்திருக்க வேண்டும். சிறுத்தொண்டரும் அவரைப் பாடிய சம்பந்தரும் ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டியவர்கள்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி மெலிந்தது என்பதனையும் எவரும் காணலாம். பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல். வாதாபிப் போருக்கும் அதற்கும் இடையே ஐந்து நூற்றாண்டு உள்ளது. சிறுத்தொண்டர் வாதாபிக்குப் படை நடத்தினார் என்ற செய்தி அந்நூலை நம்பியே நிற்கிறது. ஆனால் சேக்கிழார் காலத்தில் எவருக்கும் பெருமை தராத, ஏறத்தாழ மறந்துபோன ஒரு பழைய போரை அவர் சரியான நகரின் பெயரோடு குறிப்பிடுவதும், அது தமிழ்ப் புராண மரபோடு தொடர்பற்ற செப்பேடுகளோடு பொருந்துவதும், அச்செய்தி பழைய நினைவொன்றைக் காத்து வந்துள்ளது என்று கருத இடம் தருகின்றன. கால்டுவெல்லின் வாதத்தில் ஒரே ஒரு பெயர் இரண்டு செய்திகளைப் பிணைத்தது; இங்கு வெவ்வேறு வகையான மூன்று சான்றுகள் ஒரே நிகழ்ச்சியில் வந்து கூடுகின்றன. விவரங்களின் எண்ணிக்கையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. அவற்றைப் பிணைக்கும் முறையில்தான் வேறுபாடு. ஊர்ப்பெயரைக் கொண்டு பழங்கால மன்னனைக் காணும் கட்டுரைகளை எழுதுவோர், தங்கள் கண்ணி இவற்றுள் எவ்வகையைச் சேர்ந்தது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நலம்.

"அறிஞர் பலரும் கூறுவர்" என்ற தொடரைப் பற்றியும் ஒரு சொல். சம்பந்தர் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என்பதும் ஒரு காலத்தில் பெரிய அறிஞர் ஒருவர் கூறியதே. கூறியவர் யார், எந்த நூலில், எந்தச் சான்றின் மேல் என்பதனைச் சொன்னால்தான், பின்னர் அச்சான்று வீழும்போது அதன்மேல் நின்ற முடிவும் வீழ்ந்ததென்று படிப்பவர் அறிய முடியும். பெயரில்லாத அறிஞரை மேற்கோள் காட்டும் மலர்கள், மறுக்கப்பட்ட கருத்துகளை இன்றும் சுமந்து திரிவதற்குக் காரணம் இதுவே.

இனி வேண்டுகோள் ஒன்று. தங்கள் ஊர்க் கோயிலின் அதிட்டானத்திலோ, குளக்கரைக் கல்லிலோ எழுத்து இருக்குமானால், திருப்பணி தொடங்கும் முன்பே அதனைப் பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டில் ஒளி விழும்படி நிழற்படம் எடுத்து வையுங்கள். மணல்வீச்சினால் சுத்தம் செய்யப்பட்டு எழுத்துத் தேய்ந்துபோன கோயில்கள் தமிழகத்தில் உண்டு. தொல்லியல் துறையினரோ பயிற்சி பெற்றவரோ மைப்படி, அதாவது ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி மை தடவி எடுக்கும் படி, எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் தங்கள் ஊர்க் கல்வெட்டு ஏற்கெனவே பதிப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோபிநாத ராவ் தொடங்கிய அவ்வரிசையில் தெற்கு வட்டங்களின் கல்வெட்டுகள் மிகுதியாக உள்ளன. பின்னர் மலரில் "பழமை வாய்ந்தது" என்று எழுத வேண்டிய இடத்தில், கல் எங்கே இருக்கிறது, அதில் எழுதப்பட்ட ஆண்டு என்ன, அது யாருக்கு எதனை எந்த நிபந்தனையோடு கொடுத்தது, அதனைப் படித்தவர் யார், எந்த எழுத்துகள் சிதைந்துள்ளன என்பவற்றை எழுதுங்கள். அவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். மலரின் எஞ்சிய பக்கங்களில் வாழ்த்துரைகள் இருக்கட்டும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் பொதுக்கூற்றுக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம்.